உயரமான டம்ளரில் தண்ணீர் அதிகமா? குழந்தையின் சிந்தனை நிலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் குழந்தை உளவியல் வகுப்பு எடுப்பவன் நான். டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சோதனையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தாம் வருகின்றன. கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

என் மகனுக்கு நாலரை வயது. ஒரே அளவு தண்ணீரை ஒல்லியான டம்ளருக்கு மாற்றினால் "இதில்தான் நிறைய" என்கிறான். அவன் கண்ணெதிரில்தான் ஊற்றினேன். ஏதாவது குறையா?

குறை எதுவும் இல்லை. அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் இதையேதான் சொல்வார்கள். "ஊற்றினாலும் அளவு மாறாது" என்பது நமக்கு இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதால், அதை ஒரு காலத்தில் நாமும் கண்டடைய வேண்டியிருந்தது என்பதே மறந்துபோய்விட்டது. பொதுவாக ஆறு, ஏழு வயதில் இந்த அறிவு பிடிபடுகிறது.

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) இளம் வயதில் பாரிசில் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் தேர்வுகளைச் சீர்படுத்தும் வேலையில் இருந்தார். சரியான விடைகளை எண்ணுவதுதான் அவருக்கு இடப்பட்ட வேலை. அவரோ தவறான விடைகளில் ஆழ்ந்துவிட்டார். ஒத்த வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரி தவறு செய்கிறார்கள், அந்தத் தவறுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. உங்கள் மகன் செய்வதும் அப்படி ஒழுங்குள்ள தவறுதான்.

நிலைகள், நிலைகள் என்கிறீர்களே, மொத்தம் எத்தனை? வயதுக் கணக்கு என்ன?

பியாஜே நான்கு சொன்னார். பிறப்பிலிருந்து ஏறத்தாழ 2 வயது வரை குழந்தை கையாலும் வாயாலும் கண்ணாலும் சிந்திக்கிறது. இது புலன்-இயக்க நிலை. 2 முதல் 7 வரை சொல்லும் உருவமும் மனத்தில் வந்துவிடுகின்றன, ஆனால் மனத்துக்குள் ஒரு செயலைச் செய்து, அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வராது. இது செயலுக்கு முற்பட்ட நிலை. 7 முதல் 11 வரை கண்முன் உள்ள பொருள்களைப் பற்றித் தர்க்கம் ஓடும். 11, 12-க்குப் பிறகு, இல்லாததையும் "இருந்தால் என்ன ஆகும்" என்று வைத்துக்கொண்டு யோசிக்க முடியும்.

வயதை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். வரிசை மாறாது என்பதுதான் அவர் வாதம். வயது குழந்தைக்குக் குழந்தை ஓரிரு ஆண்டுகள் முன்பின் ஆகலாம். "ஏழு வயது ஆகிவிட்டது, இன்னும் இரண்டாம் நிலையிலேயே இருக்கிறாள்" என்று யாராவது கவலைப்பட்டால், நாட்காட்டியை மூடிவைத்துவிட்டு அவள் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள் என்பேன்.

கைக்குழந்தைக்குக்கூட "சிந்தனை" உண்டா? எட்டு மாதக் குழந்தை, பொம்மையைத் துணிக்கடியில் வைத்தால் ஒருமுறை எடுக்கிறது, அடுத்த முறை வேறு இடத்தில் தேடுகிறது.

நீங்கள் பார்த்தது புகழ்பெற்ற ஒரு தவறு. இடப்பக்கத் துணிக்கடியில் பொம்மையை ஒளிக்கிறீர்கள், எடுக்கிறது. இரண்டு மூன்று முறை அப்படிச் செய்துவிட்டு, குழந்தை பார்க்கும்போதே வலப்பக்கத் துணிக்கடியில் ஒளித்தால், மறுபடி இடப்பக்கமே கை போகிறது. மறைந்த பொருள் தனியாக, யாரையும் சாராமல் இருக்கிறது என்ற எண்ணம் இன்னும் முழுமை பெறவில்லை, அதைத் தன் கையசைவின் விளைவாகவே குழந்தை எடுத்துக்கொள்கிறது என்றார் பியாஜே.

பின்னர் வந்தவர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. ரெனே பையர்ஜான் குழுவினர் 1985-இல், ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு பெட்டியைக் காட்டி, பிறகு அதை மறைக்கும்படி ஒரு பலகையை எழுப்பினார்கள். பெட்டி இருக்கும் இடத்தை ஊடுருவிச் செல்வதுபோல் பலகை சாய்ந்தபோது குழந்தைகள் நெடுநேரம் உற்றுப் பார்த்தன. பெட்டி அங்கேதான் இருக்கிறது என்று அவற்றுக்கு ஏதோ ஒரு வகையில் தெரிந்திருக்கிறது. அடெல் டயமண்டின் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது: ஒளித்ததற்கும் எடுக்க விடுவதற்கும் இடையே எத்தனை விநாடி தாமதித்தால் தவறு வருகிறது என்பது மாதந்தோறும் சுமார் இரண்டு விநாடி கூடுகிறது. அதாவது அறியாமை மட்டும் காரணமில்லை. நினைவை விடாமல் வைத்துக்கொள்வதும், பழகிய அசைவை அடக்குவதும் வளர வேண்டியிருக்கிறது. இந்த "அடக்குவது" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டம்ளரிலும் அது வரும்.

தண்ணீர்ச் சோதனையை வீட்டில் சரியாகச் செய்வது எப்படி? நான் செய்தபோது குழந்தை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது.

விளையாட்டு என்று நினைப்பதில் தவறில்லை. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர், அவற்றைவிட உயரமாகவும் ஒல்லியாகவும் ஒன்று, நிறம் கலந்த தண்ணீர், இவை போதும். முதல் இரண்டிலும் தண்ணீர் சமம் என்பதைக் குழந்தையே சொல்ல வேண்டும். "இதில் கொஞ்சம் கூட" என்றால் அவள் கையாலேயே சொட்டு சேர்த்துச் சரிசெய்யட்டும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். தொடக்கச் சமத்தை அவள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்து வரும் விடைக்குப் பொருளே இல்லை. பிறகு ஒன்றை ஒல்லி டம்ளருக்கு மாற்றி, "குடிப்பதற்கு இரண்டிலும் ஒரே அளவு இருக்கிறதா, ஒன்றில் கூட இருக்கிறதா?" என்று கேளுங்கள். "குடிப்பதற்கு" என்ற சொல் முக்கியம். இல்லாவிட்டால் நீங்கள் மட்டத்தைக் கேட்பதாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆறே கால் வயதுச் சிறுமி ஒருத்தியிடம் இதைச் செய்தபோது "ஒரே அளவு" என்றாள். ஏன் என்றேன். "நீங்கள் ஊற்றத்தானே செய்தீர்கள், வேறு எதுவும் கலக்கவில்லையே." நல்ல காரணம். உடனே மறுத்துப் பார்த்தேன்: "இன்னொரு பையன், இது உயரமாக இருப்பதால் இதில்தான் நிறைய என்றானே?" கொஞ்சம் யோசித்தாள். "உயரம்தான், ஆனால் ஒல்லியாக இருக்கிறதே" என்றாள். மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு: "திரும்பப் பழைய டம்ளரில் ஊற்றினால் அதே அளவுதான் வரும்." எதையும் சேர்க்கவில்லை, உயரத்தை அகலம் ஈடுசெய்கிறது, திருப்பினால் பழையபடி ஆகும். இவற்றில் ஒன்றைத் தானாகச் சொல்லி, மறுப்புக்கும் அசையாமல் நின்றால் குழந்தைக்கு அது பிடிபட்டுவிட்டது என்று கொள்ளலாம். வெறும் "ஒரே அளவு" போதாது. ஒரு கேள்விக்குக் குருட்டாம்போக்கில் சரியான விடை சொல்வது எளிது.

ஏன் உயரத்தை மட்டும் பார்க்கிறது? அகலம் கண்ணுக்குத் தெரியாதா?

தெரியும். கேட்டால் "இது ஒல்லி" என்றும் சொல்லும். இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து, ஒன்று கூடியதற்கு மற்றது குறைந்தது என்று கோத்துப் பார்க்க வரவில்லை. ஒரு பண்பு கண்ணைப் பறித்துக்கொள்கிறது. மற்றது பின்னால் போகிறது.

இதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. 1960களில் ஜெரோம் புரூனரின் குழுவில், டம்ளர்களின் மேல்விளிம்பு மட்டும் தெரியும்படி திரை வைத்தார்கள். தண்ணீர் மட்டம் தெரியாது. அப்போது நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளில் கணிசமானோர் "அதே தண்ணீர்தானே" என்று சரியாகச் சொன்னார்கள். திரையை எடுத்ததும் நான்கு வயதுக் குழந்தைகள் கண்ணுக்குப் பணிந்து விடையை மாற்றிக்கொண்டார்கள். ஐந்து வயதுக்காரர்களில் பெரும்பாலோர் தாங்கள் சொன்னதிலேயே நின்றார்கள். ஆகவே தர்க்கத்தின் விதை முன்பே இருக்கிறது. கண் சொல்வதை எதிர்த்து நிற்கும் வலுதான் பின்னால் வருகிறது. கைக்குழந்தையைப் பற்றிச் சொன்னபோது குறிப்பிட்ட "அடக்குவது" இதுதான்.

அப்படியானால் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டால் முடிந்ததா? பத்து முறை ஊற்றிக் காட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை.

ஊற்றிக் காட்டுவது மட்டும் ஏன் பலிக்கவில்லை என்றால், ஒவ்வொரு முறையும் குழந்தை பார்ப்பது இரண்டு தனித்தனிப் படங்கள்: இங்கே தாழ்வாக, அங்கே உயரமாக. "திரும்பி ஊற்றியபோது மறுபடியும் குறைந்துவிட்டது" என்று சாதாரணமாகச் சொல்லிவிடும். அதில் அதற்கு முரண்பாடே தெரியாது.

ஆனால் கற்பிக்கவே முடியாது என்பதும் சரியில்லை. ரோச்செல் கெல்மன் 1969-இல், இதில் தவறு செய்த ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு எந்தப் பண்பைக் கவனிப்பது, எதை விடுவது என்று பல வடிவங்களில் பயிற்சி கொடுத்தார். எண்ணிக்கையிலும் நீளத்திலும் நல்ல முன்னேற்றம் வந்தது, பயிற்சி தராத பொருள்களுக்கும் ஓரளவு அது பரவியது. ராபர்ட் சீக்லர் 1995-இல் எழுதிய ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். விடை சரியா தவறா என்று மட்டும் சொல்லப்பட்ட குழந்தைகளைவிட, "நான் இப்படிச் சொன்னேனே, ஏன் அப்படிச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய்?" என்று பெரியவரின் சரியான விடைக்குக் காரணம் தேடச் சொல்லப்பட்டவர்கள் அதிகம் கற்றார்கள். தன் விடைக்குக் காரணம் சொல்லச் சொன்னது அந்த அளவு உதவவில்லை. தவறான விடைக்குக் காரணம் கேட்டால் குழந்தை அந்தத் தவறையே இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளக்கூடும். ஊற்றிக் காட்டியதற்குப் பதிலாக இதைச் செய்து பாருங்கள்.

"ஒரே அளவா?" என்று இரண்டு முறை கேட்டால் குழந்தை, முதல் விடை தப்பு போலிருக்கிறது என்று மாற்றாதா? சோதனையே குழந்தையை ஏமாற்றுகிறது இல்லையா?

நியாயமான சந்தேகம். சூசன் ரோசும் மரியன் பிளாங்க்கும் 1974-இல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் முதல் கேள்வியை விட்டுவிட்டு, மாற்றிய பிறகு மட்டும் ஒருமுறை கேட்டார்கள். தவறுகள் குறைந்தன. அதே காலத்தில் மெகாரிகிலும் மார்கரெட் டொனால்ட்சனும் ஒரு கரடிப் பொம்மையை இறக்கினார்கள். சம எண்ணிக்கையில் இரண்டு வரிசை வில்லைகளை அடுக்கி, சோதனை செய்பவர் வேண்டுமென்றே ஒரு வரிசையை நீட்டாமல், குறும்புக்கார பொம்மை வந்து கலைத்துவிட்டதுபோல் நடித்தார்கள். நான்கு முதல் ஆறு வயது வரையான குழந்தைகளில் பலர், வழக்கமான முறையில் தவறியதை இதில் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒன்றைத் திட்டமிட்டுச் செய்துவிட்டு மறுபடி கேட்டால், "ஏதோ மாறியிருக்க வேண்டும்" என்று நினைப்பது குழந்தையின் சமூக அறிவு. அது மந்தம் ஆகாது.

இதையே பிடித்துக்கொண்டு "பியாஜே முழுத் தவறு" என்று முடித்துவிடவும் முடியாது. பொம்மை வந்தால் குழந்தையின் கவனம் குறும்பில் போய்விடுகிறது, அளவை அது யோசிப்பதே இல்லை என்று பின்னர் ஆட்சேபித்தவர்கள் இருக்கிறார்கள். என் முடிவு இது: வழக்கமான சோதனை குழந்தையின் திறனைக் குறைத்துக் காட்டுகிறது, பொம்மைச் சோதனை கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். அதனால்தான் வீட்டுச் சோதனையில் காரணத்தையும் மறுப்பையும் சேர்த்தேன். கேள்வியின் தோரணையை ஊகித்து விடை சொல்பவள் மறுப்பு வந்ததும் கவிழ்ந்துவிடுவாள்.

தண்ணீரில் சரியாகச் சொல்கிறாள். களிமண் உருண்டையைத் தட்டையாக்கினால் "எடை குறைந்துவிட்டது" என்கிறாள். அப்படியென்றால் எந்த நிலையில் இருக்கிறாள்?

இரண்டிலும் கால் வைத்திருக்கிறாள். பியாஜேயும் அவருடன் ஆய்வு செய்த பார்பெல் இன்ஹெல்டரும் இதைக் கவனித்திருந்தார்கள். களிமண்ணின் அளவு மாறாது என்பது ஏழெட்டு வயதில் வருகிறது. அதே உருண்டையின் எடை மாறாது என்பது ஒன்பது, பத்தில். தண்ணீரில் போட்டால் அது உயர்த்தும் மட்டம், அதாவது அதன் கன அளவு, மாறாது என்பது பதினொன்று, பன்னிரண்டில். மூன்றுக்கும் தேவையான தர்க்கம் ஒன்றே. ஆனால் ஒரே நாளில் வருவதில்லை.

நிலைக் கோட்பாட்டின் உறுத்தலான இடம் இதுதான். நிலை என்பது மூளையில் ஒரே நேரத்தில் எரியும் விளக்கு என்றால், எல்லா அறையும் சேர்ந்து வெளிச்சமாகியிருக்க வேண்டும். உண்மையில் அறை அறையாக எரிகிறது, பழகிய அறை முதலில் எரிகிறது. 1969-இல் மெக்சிகோவில் குயவர் வீட்டுப் பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, களிமண் சோதனையில் குயவர் பிள்ளைகள் முந்தியிருந்தார்கள். உங்கள் மகள் நாலைந்து முறை தராசில் உருண்டையையும் தட்டையையும் வைத்துப் பார்த்தால் எடை சீக்கிரம் பிடிபடலாம். மேலே சொன்ன சீக்லரின் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏழு வயதுக்குமேல் தர்க்கம் வந்துவிட்டது என்றால் பத்து வயது மகன் அறிவியல் சோதனையில் ஏன் சொதப்புகிறான்?

கண்முன் இருப்பதை ஒழுங்குபடுத்துவது வேறு, இருக்கக்கூடியவை அனைத்தையும் முன்கூட்டியே கட்டிவைத்துச் சோதிப்பது வேறு. இன்ஹெல்டரும் பியாஜேயும் இதற்கு ஊசலைப் பயன்படுத்தினார்கள். ஒரு நூல், சில எடைகள். நூலின் நீளம், தொங்கும் எடை, எவ்வளவு உயரத்திலிருந்து விடுகிறோம், எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோம், இவற்றில் எது ஊசலின் வேகத்தைத் தீர்மானிக்கிறது?

பத்து வயதுப் பையன் பெரும்பாலும் இப்படிச் செய்வான். நீள நூலில் கனமான எடை: மெதுவாக ஆடுகிறது. குட்டை நூலில் இலேசான எடை: வேகமாக ஆடுகிறது. "கனம்தான் மெதுவாக்குகிறது" என்று எழுதிவிடுவான். பார்த்ததைச் சரியாகத்தான் பார்த்தான், எண்ணியதும் சரி. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டதுதான் கோளாறு, அது அவனுக்கு உறுத்தவே இல்லை. பதினான்கு வயதில் பலர், நூலை அப்படியே வைத்து எடையை மட்டும் மாற்றுகிறார்கள். மாற்றமில்லை என்று கண்டு நூலுக்குப் போகிறார்கள். செய்து பார்க்க விரும்பினால் 25 செ.மீ. நூலும் 1 மீட்டர் நூலும் எடுங்கள். சிறிய வீச்சில், 30 விநாடியில் முதலாவது ஏறத்தாழ 30 முறையும் இரண்டாவது 15 முறையும் போய்வரும். எடையை இரட்டிப்பாக்கினாலும் எண்ணிக்கை அசையாது.

"ஒன்றை மட்டும் மாற்று" என்று விதியாகச் சொல்லிக்கொடுத்தால் பத்து வயதிலும் இந்த ஊசலில் செய்துவிடுவான். வேறொரு சிக்கலில், யாரும் சொல்லாமலே, அந்த விதி தேவைப்படுகிறது என்று அவனுக்குத் தோன்றுகிறதா என்பதே கேள்வி.

உண்மையைச் சொன்னால், அந்த நான்காம் நிலையில் நானே இருக்கிறேனா என்று சந்தேகமாக இருக்கிறது.

உங்களுக்கு நல்ல துணை இருக்கிறது. பீட்டர் வேசன் 1966-இல் வெளியிட்ட அட்டைப் புதிரின் பாணியில் ஒன்று: நான்கு அட்டைகள் தெரிகின்றன, அ, க, 4, 7. "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்" என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? படித்த பெரியவர்களில் பெரும்பாலோர் அ-வையும் 4-ஐயும் எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியவை அ-வும் 7-உம். 4-க்குப் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடையும்.

இதே தர்க்கத்தை "மது அருந்துபவர் சட்டப்படியான வயதை எட்டியிருக்க வேண்டும்" என்ற விதியாக மாற்றிக் கொடுத்தால் பலர் தடுமாறாமல் செய்துவிடுகிறார்கள். யார் மீறியிருக்கலாம் என்று தேடிப் பழகிய சூழல் அது. பியாஜேயே 1972-இல், நான்காம் நிலைச் சிந்தனை எல்லாத் துறையிலும் எல்லாருக்கும் வருவதில்லை, தத்தம் ஈடுபாட்டுக்கும் தொழிலுக்கும் ஏற்ற துறையில் வரலாம் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். வண்டிக் கோளாற்றை ஒவ்வொரு காரணமாக நீக்கிக் கண்டுபிடிக்கும் மெக்கானிக், ஊசல் சோதனையின் முறையைத்தான் கையாள்கிறார். அவரிடம் அட்டைப் புதிரைக் கொடுத்துச் சிந்தனை நிலையை அளப்பது வேடிக்கை.

என் ஆறு வயது மகள் நேற்று "ஒரே அளவு" என்றாள், இன்று "இதில் நிறைய" என்கிறாள். வந்தது திரும்பிப் போய்விட்டதா?

திரும்பிப் போகவில்லை. மாறும் காலத்தில் இரண்டு யோசனைகளும் கூடவே வாழும். ஒருநாள் ஒன்று வெல்லும், மறுநாள் மற்றது. முதல் கேள்வியில் சொன்ன நாலரை வயதுப் பையனிடம் இந்தத் தடுமாற்றம் இருக்காது. அவன் திடமாகத் தவறு செய்வான்.

அவள் வாயைக் கேட்கும்போது கையையும் பாருங்கள். பிரெக்கின்ரிட்ஜ் சர்ச்சும் சூசன் கோல்டின்-மெடோவும் 1986-இல் இதை ஆராய்ந்தார்கள். "இது உயரம், அதனால் நிறைய" என்று சொல்லும் சில குழந்தைகள், சொல்லும்போதே இரண்டு கைகளையும் வளைத்து டம்ளரின் அகலத்தைக் காட்டினார்கள். வாயில் உயரம், கையில் அகலம். இப்படி வாயும் கையும் ஒத்துப்போகாத குழந்தைகள்தாம், கற்றுக்கொடுத்தபோது மற்றவர்களைவிட அதிகம் பயன் பெற்றார்கள். உங்கள் மகள் "நிறைய" என்று சொல்லும்போது அவள் விரல்கள் டம்ளரின் பக்கவாட்டில் ஒல்லியாகக் கூடுகின்றனவா என்று பாருங்கள். கூடினால், நீங்கள் சரியான விடையைச் சொல்லி, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவளிடம் கேட்க வேண்டிய நாள் அதுதான்.